சுவர் கோணலாக இருந்தாலும் ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் நேராக நிற்க: மறை பிராக்கெட்டும் மட்டமும்

கேள்வி: "ஹால்ல 4 அடி நீளத்துல, 8 இன்ச் அகலத்துல ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் மாட்டணும். புக்ஸும் கொஞ்சம் பொம்மைகளும் வைப்போம். செங்கல் சுவர், மேல பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சது. கடையில வாங்கின கம்பி பிராக்கெட் ரெண்டை மாட்டிப் பார்த்தேன். மட்டம் பார்த்துதான் ஓட்டை போட்டேன், ஆனா முடுக்கினதும் ஒரு கம்பி மேல பார்க்குது, இன்னொண்ணு கீழ பார்க்குது. நடுவுல சுவர் புடைச்சிருக்கு. எப்படிச் சரி பண்றது?"

நீங்கள் மட்டம் பார்த்ததில் தவறு இல்லை. ஓட்டைகள் மட்டமாகத்தான் இருந்திருக்கும். தனித்தனிக் கம்பி பிராக்கெட்டின் சின்னத் தகடு, முடுக்கியதும் தனக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு அங்குலச் சுவர் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே சாய்ந்துகொள்கிறது. பூச்சுவேலையில் இரண்டு அங்குலத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் சர்வசாதாரணம். ஆனால் 32 மி.மீ. உயரத் தகட்டில் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 1 மி.மீ. வித்தியாசம் வந்தால், 200 மி.மீ. தள்ளி இருக்கும் பலகையின் முன் ஓரத்தில் அது 6 மி.மீ.க்கு மேல் ஆகிவிடும். அதனால் சுவரை நம்பி கம்பியை மாட்டக்கூடாது. கம்பிகளை முதலில் ஒன்றோடொன்று நேராக்கி, அப்புறம் மொத்தமாகச் சுவரில் உட்கார வைக்க வேண்டும்.

இதற்கு நான் சொல்லும் வழி, ஒரே இரும்புப் பட்டையில் மூன்று கம்பிகளை வெல்டிங் செய்து வாங்குவது. கேட், கிரில் செய்யும் எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள். 32 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள பட்டை, நீளம் 1100 மி.மீ. அதில் 10 மி.மீ. உருண்டைக் கம்பி மூன்று. இரு முனையிலிருந்தும் 100 மி.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. கம்பி பட்டையிலிருந்து 150 மி.மீ. வெளியே நீள வேண்டும். பட்டையில் ஓட்டை போட்டு, கம்பியை அதற்குள் நுழைத்து, பின்பக்கம் வெல்டிங் வைத்துச் சமமாகத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். முன்பக்கம் ஒட்டவைத்து வெல்டிங் வைத்தால் அந்தக் கட்டி பலகைக்குள் இடிக்கும், பலமும் குறைவு.

வெல்டிங் சூட்டில் பட்டை வளையும். எனவே பட்டறையிலேயே சோதித்து வாங்குங்கள். பட்டையை நேரான மேஜையில் கம்பிகள் மேலே நிற்கும்படி வைத்து, ஒவ்வொரு கம்பியிலும் மூலைமட்டத்தை இரண்டு பக்கமாக வைத்துப் பாருங்கள். அப்புறம் கம்பிகளின் நுனி ஓரமாக ஒரு நேரான அலுமினியக் குழாயை வைத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். தொடாவிட்டால் அங்கேயே தட்டிச் சரிசெய்துவிடலாம். சுவரில் மாட்டிய பிறகு அது முடியாது.

ஸ்க்ரூ ஓட்டைகள் ஒவ்வொரு கம்பிக்கும் இருபுறமும் 45 மி.மீ. தள்ளி, மொத்தம் ஆறு. அவை பட்டையின் நடுக்கோட்டில் இருக்கக்கூடாது, மேல் ஓரத்திலிருந்து 9 மி.மீ. கீழே இருக்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு கணக்குதான் பலகை நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பலகையில் எடை ஏறும்போது பட்டை தன் கீழ் ஓரத்தைச் சுவரில் ஊன்றி, மேல் ஸ்க்ரூவைப் பிடுங்கப் பார்க்கிறது, கடப்பாரையால் ஆணியை நெம்புகிற மாதிரி. புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் அடிக்கு 8 முதல் 10 கிலோ வரும். உங்கள் 4 அடிப் பலகைக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் சுவரிலிருந்து 100 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஸ்க்ரூ பட்டையின் கீழ் ஓரத்திலிருந்து 23 மி.மீ. மேலே இருக்கிறது. 40-ஐ 100-ஆல் பெருக்கி 23-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 174 கிலோ பிடுங்கும் விசை. ஆறு ஸ்க்ரூவுக்கும் பங்கு போட்டால் ஒன்றுக்கு 29 கிலோ. நல்ல செங்கலில் ஒழுங்காக இறங்கிய 10 எம்.எம். நைலான் பிளக் இதைத் தாங்கும். அதே ஸ்க்ரூ நடுக்கோட்டில் இருந்தால் கீழ் ஓரத்திலிருந்து அதன் உயரம் 16 மி.மீ.தான், விசை ஒன்றுக்கு 42 கிலோவாக ஏறிவிடும்.

பலகையின் கனம் இங்கேதான் முக்கியமாகிறது. பட்டை பலகைக்குள் மறைய வேண்டும் என்பதால், பலகை மெலிந்தால் பட்டையும் மெலிந்து, பிடுங்கும் விசை கூடும். முக்கால் அங்குலப் பலகையில் மறை பிராக்கெட் வைத்துப் புத்தகம் அடுக்குவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். உங்கள் தேவைக்கு ஏறத்தாழ 2 அங்குலக் கனம் வேண்டும்.

கம்பி வளைந்துதான் பலகை முன்னால் தொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 10 மி.மீ. கம்பி மூன்று இருந்தால் இந்த 40 கிலோவுக்கு நுனியில் 1 மி.மீ. கூட இறங்காது. தொங்குவது எப்போதும் சுவர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பட்டையின் கீழ் ஓரம் மெத்தென்ற பட்டியில் அமுங்குகிறது, இல்லாவிட்டால் மேல் ஸ்க்ரூவின் பிளக் பூச்சோடு நின்றுவிட்டு மெல்ல வெளியே வருகிறது. உங்கள் கம்பி ஒன்று கீழே பார்ப்பதற்கும் இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

சரி, பலகைக்கு வருவோம். 18 மி.மீ. பிளைவுட், நடுவில் 12 மி.மீ., கீழே மறுபடி 18 மி.மீ. என்று மூன்று அடுக்காக ஒட்டினால் 48 மி.மீ. கனம் வரும். நடு அடுக்கை ஒரே துண்டாகப் போடாமல், கம்பி வரும் மூன்று இடத்திலும் 12 மி.மீ. சந்து விட்டு, துண்டுகளாக ஒட்டுங்கள். நீளமான டிரில் பிட் வைத்து 150 மி.மீ. ஆழத்துக்கு நேராகத் துளைப்பதை விட இது பல மடங்கு எளிது, தப்பும் வராது. சந்து முன் ஓரம் வரை போகக்கூடாது, 30 மி.மீ. முன்னாலேயே அடைத்துவிடுங்கள். பின்பக்கம் பட்டை உட்கார, நடு அடுக்கை பின் ஓரத்திலிருந்து 18 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டி, மேல் கீழ்ப் பலகைகளின் உட்புறத்தில் 11 மி.மீ. ஆழத்துக்குப் படி எடுக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே தச்சரிடம் சொன்னால் மிஷினில் எடுத்துவிடுவார்.

10 மி.மீ. கம்பிக்கு 12 மி.மீ. சந்து என்றால் ஆடாதா என்று தோன்றும். புத்தகத்தின் எடை மையம் கம்பியின் நுனிக்குப் பின்னால் இருக்கிறவரை, சந்தின் கூரை கம்பியின் மேல் முழுக்கப் படிந்து உட்கார்ந்துவிடும், தளர்ச்சி தெரியாது. கம்பி குட்டையாக இருந்து எடை மையம் நுனியைத் தாண்டினால்தான் பலகை நுனியில் ஊசலாடி முன்னால் கவிழும். 150 மி.மீ. கேட்டதன் காரணம் அதுதான். முன் ஓரத்தில் யாராவது கை ஊன்றுவார்கள் என்றால், சந்தின் தரையில் ஒரு சன்மைக்கா கீற்று ஒட்டிவிட்டால் அந்த ஆட்டமும் குறைந்துவிடும்.

அடுத்து சுவர். 4 அடிக்கு மேல் நீளமுள்ள அலுமினியக் குழாயை ஷெல்ஃப் வரும் உயரத்தில் சுவரோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன புடைப்பில் பட்டு இரண்டு பக்கமும் ஆடும். ஆடுவதை நிறுத்தி, இரு முனையிலும் இடைவெளி சமமாக இருக்கும்படி பிடியுங்கள். ஒரு பேச்சுக்கு, புடைப்பு இடது முனையிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கிறது, இரு முனையிலும் 5 மி.மீ. சந்து தெரிகிறது என்போம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் புடைப்புக்கு நேர் கீழே ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். செங்குத்தாக ஒரு கோடு மாதிரி நீளும் புடைப்பு பெரும்பாலும், சுவரை வெட்டி வயரிங் பைப் பதித்து மேலே கலவை பூசிய இடம். அங்கே டிரில் போட்டால் வயரைத் துளைத்துவிடுவீர்கள். புடைப்புக்கு இருபுறமும் 3 அங்குலம் தள்ளியே ஓட்டை வரட்டும். நான் சொன்ன அளவில் நடுக் கம்பியின் இடது ஸ்க்ரூ பலகையின் இடது முனையிலிருந்து ஏறத்தாழ 565 மி.மீ.யில் வரும், புடைப்பு ஏறத்தாழ 457-இல் இருக்கிறது, தப்பித்துவிடும். உங்கள் சுவரில் தப்பவில்லை என்றால் வெல்டிங்குக்குப் போகும் முன்பே ஓட்டையின் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். டிரில் போடும்போது மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்தோ வேறு லைனிலிருந்தோ கரண்ட் எடுங்கள், அல்லது பேட்டரி டிரில் பயன்படுத்துங்கள்.

மட்டக்கோடு போட 9 அங்குல ரசமட்டம் தனியாகப் போதாது. அதை அந்த அலுமினியக் குழாயின் மேல் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் ரசமட்டத்தையே சோதியுங்கள். ஒரு இடத்தில் வைத்துக் குமிழியைப் பார்த்துவிட்டு, முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி அதே பக்கம், அதே அளவு நின்றால் ரசமட்டம் நல்லது. எதிர்ப் பக்கம் ஓடினால் தூக்கிப் போடுங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் இதைவிட நம்பகமானது, உள்ளே காற்றுக் குமிழி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்தோ சீலிங்கிலிருந்தோ அளந்து கோடு போடாதீர்கள், இரண்டுமே மட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கோட்டில் பட்டையைப் பிடித்து ஆறு இடத்தையும் பென்சிலால் குறித்துவிட்டு, பட்டையை எடுத்துவிடுங்கள். குறித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் பட்டியைச் சுரண்டி, கீழே இருக்கும் சிமென்ட் பூச்சைக் காட்டுங்கள். பலரும் தவிர்க்கும் வேலை இது. பட்டி மேல் பட்டை ஊன்றினால், இன்று மட்டமாக இருப்பது புத்தகம் ஏறி ஒரு மாதத்தில் அமுங்கும்.

டிரில் போடும்போது வெளியே வரும் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் பட்டியின் வெள்ளை, அப்புறம் பூச்சின் சாம்பல், அப்புறம் செங்கலின் சிவப்பு. சிவப்பு வந்த இடத்திலிருந்துதான் ஆழத்தைக் கணக்குப் பண்ண வேண்டும், ஏனென்றால் பிளக் முழுவதும் செங்கலுக்குள் இருக்க வேண்டும், பூச்சு எதையும் பிடிக்காது. 50 மி.மீ. பிளக்குக்கு, செங்கலுக்குள் 60 மி.மீ. துளையுங்கள். பட்டைக்குப் பின்னால் சந்தை நிரப்ப வைக்கும் பேக்கிங் 5, பட்டை 6, பூச்சு 20, பிளக் 50 என்று கூட்டினால் 81 வருகிறது, ஆகவே 90 மி.மீ. நீள ஸ்க்ரூ. அதன் தடிமன் பிளக் உறையில் போட்டிருக்கும்.

சிவப்புக்குப் பதில் சாம்பல் மணல் சரசரவென்று கொட்டினால் இரண்டு செங்கலுக்கு நடுவில் இருக்கும் கலவையில் இறங்கிவிட்டீர்கள். பிளக் அங்கே பிடிக்காது. பட்டையை ஓர் அங்குலம் மேலே அல்லது கீழே நகர்த்துவதே சுலபம். பிட் திடீரென்று வழுக்கி உள்ளே போனால் ஹாலோ பிளாக். தூள் வெள்ளையாகவே, சிரமமே இல்லாமல் வந்துகொண்டிருந்தால் ஏஏசி பிளாக். இந்த இரண்டிலும் சாதாரணப் பிளக்கில் புத்தக எடையை நம்பி மாட்ட வேண்டாம்.

முதல் சில மில்லிமீட்டர் ஹேமரைப் போடாமல் மெதுவாகச் சுற்றவிட்டால் பிட் வழுக்காது. அப்படியும் ஒன்றிரண்டு ஓட்டை 2, 3 மி.மீ. நகரத்தான் செய்யும். அதனால் நடுக் கம்பியின் வலது ஓட்டையை மட்டும் வட்டமாகவும், மற்ற ஐந்தையும் 10 மி.மீ. உயரத்துக்கு நின்ற நீள்துளையாகவும் பட்டறையில் போட்டு வாங்குங்கள். வட்ட ஓட்டையில் முதல் ஸ்க்ரூவை வாஷரோடு லேசாகப் போட்டு, பட்டையை ரசமட்டத்துக்குத் திருப்பி, மற்றவற்றை ஒவ்வொன்றாக லேசாகப் பிடிக்கலாம். எதையும் இன்னும் முழுசாக முடுக்க வேண்டாம்.

இப்போது பேக்கிங். இதற்கு மிகச் சிறந்த பொருள் சன்மைக்கா துண்டு. தச்சுப் பட்டறையில் சும்மாவே கிடைக்கும், கடினமானது, அமுங்காது, ஈரத்தில் ஊறாது. 1 மி.மீ.யும் 0.8 மி.மீ.யும் கேட்டு வாங்குங்கள். அட்டையும் ரப்பரும் வேண்டாம். துண்டுகளை 32 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, ஸ்க்ரூவின் மேல் செருகக் குதிரைலாட வடிவில் சந்து வெட்டிக்கொள்ளுங்கள். முனை ஸ்க்ரூக்களில் 5 மி.மீ.க்கு ஐந்து துண்டு போகும், புடைப்பை நெருங்க நெருங்கக் குறையும். சுரண்டிய பட்டியின் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேக்கிங் சந்தை நிரப்ப வேண்டுமே தவிர, ஸ்க்ரூ பட்டையை இழுத்து வளைத்துச் சந்தை மூடக்கூடாது. அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஸ்க்ரூவை முடுக்கிய பிறகும் அலுமினியக் குழாயைக் கம்பிகளின் நுனி மேல் வைத்துப் பாருங்கள். மூன்றையும் தொட்டுக்கொண்டிருந்த குழாய் ஒரு கம்பியில் சந்து காட்டினால், கடைசியாக முடுக்கிய இடத்தில் பேக்கிங் பத்தவில்லை அல்லது அதிகம்.

நீளவாக்கில் மட்டமான பிறகு முன்பின் சாய்வு. ரசமட்டத்தை ஒவ்வொரு கம்பியின் மேலும் வெளியே நீளும் திசையில் வைத்துப் பாருங்கள். நுனி 3 மி.மீ. கீழே இருக்கிறது என்போம். 150 மி.மீ. நீளத்தில் 3 மி.மீ. என்றால், 32 மி.மீ. உயரப் பட்டையில் 0.64 மி.மீ. அந்த அளவுக்குக் கீழ் ஓரத்தை வெளியே தள்ள வேண்டும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, 0.8 மி.மீ. சன்மைக்காவின் மெல்லிய கீற்றைப் பட்டையின் கீழ் ஓரத்துக்குப் பின்னால் மட்டும் செருகி மறுபடி முடுக்குங்கள். நுனி 3.75 மி.மீ. எழும், அதாவது மட்டத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் மேலே. அது அப்படியே இருக்கட்டும். எடை ஏறியதும் கொஞ்சம் இறங்கும், எனவே முன் ஓரம் 1 மி.மீ. எழுந்திருப்பதே சரியான நிலை. நுனி அதிகம் மேலே பார்த்தால் கீற்றை மேல் ஓரத்தில் செருக வேண்டும். மூன்று கம்பிக்கும் கீற்று ஒரே அளவாக வராமல் போகலாம், ஏனென்றால் சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சாய்ந்திருக்காது.

பட்டை உட்கார்ந்ததும் பலகையைச் செருகிப் பாருங்கள். புடைப்பில் முட்டி நிற்கும், இரு முனையிலும் 5 மி.மீ. வெளிச்சம் தெரியும். பலகையின் மேல், சுவரை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி, 5 மி.மீ. கனமுள்ள ஒரு கட்டையைச் சுவரோடு உரசியபடி நகர்த்தி, அதன் வெளி ஓரத்தில் பென்சில் கோடு போடுங்கள். சுவரின் மேடு பள்ளம் அப்படியே பலகையில் படிந்துவிடும். கழற்றி, கோடு வரை இழைத்தோ உப்புத்தாள் கட்டையால் தேய்த்தோ எடுத்துவிடுங்கள். தெரியாத உள்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சரித்து எடுத்தால், தெரியும் ஓரம் மட்டும் சுவரில் படியும். கீழ் ஷெல்ஃப் கண் மட்டத்துக்குக் கீழே என்றால் மேற்பரப்பு படிந்தால் போதும். மேல் ஷெல்ஃபின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும், எனவே அதற்குக் கீழ்ப்பக்கமும் தனியாகக் கோடு போட வேண்டும். மிச்சம் 1 மி.மீ. சந்து இருந்தால் அக்ரிலிக் சீலன்ட் வைத்து அதன் மேல் சுவர் பெயின்ட் அடியுங்கள். சிலிகான் வைத்தால் பெயின்ட் ஒட்டாது.

இரண்டாவது ஷெல்ஃபுக்கு ரசமட்டத்தை மறுபடி முதலிலிருந்து பார்க்காதீர்கள். முதல் ஷெல்ஃபின் இரு முனையிலிருந்தும் ஒரே உயரம் அளந்து கோடு போடுங்கள். தனித்தனியாக மட்டம் பார்த்தால் இரண்டிலும் சின்னப் பிழை எதிரெதிர்ப் பக்கம் போய், இடைவெளி ஒரு முனையில் அகன்று தெரியும். சுவர் தூக்கில் இல்லாவிட்டால் மேல் பலகை கீழ்ப் பலகையை விட முன்னால் வந்தோ பின்னால் போயோ நிற்கும். மேல் பலகையின் முன் ஓரத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்குள் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால், முன்னால் வரும் பலகையின் பின் ஓரத்தைக் கோடு போட்டுத் தேய்க்கும்போதே அந்த அளவையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அப்படி எடுக்கப்போகிறீர்கள் என்றால் பின்பக்கச் சந்தை 18-க்குப் பதில் அத்தனை மி.மீ. கூட்டி வைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூத் தலை நடு அடுக்கில் இடிக்கும். ஆகவே தூக்குப் பார்ப்பதை பலகை ஒட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

கடைசியாக, பலகையைச் செருகும்போது சந்துகளுக்குள் இரண்டு மூன்று பொட்டு சிலிகான் வைத்தால் பலகை முன்னால் நழுவி வராது. ஆனால் அதை உடனே வைக்காதீர்கள். முதலில் வெறுமனே செருகி, புத்தகங்களை அடுக்கி, ஒரு வாரம் விட்டு, முன் ஓரத்தில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். 1 மி.மீ. வரை இறங்கியிருந்தால் எதிர்பார்த்ததுதான். அதற்கு மேல் இறங்கியிருந்தால் பலகையைக் கழற்றி, எந்த ஸ்க்ரூவின் அருகில் பட்டைக்குப் பின்னால் சந்து தெரிகிறது என்று பாருங்கள். மேல் ஓரத்தில் சந்து தெரிந்தால் பிளக் பிடிக்கவில்லை, அதை எடுத்துவிட்டு ஆழமாகத் துளைத்து நீளமான பிளக் போட வேண்டும். மேல் ஓரம் ஒட்டியிருந்தும் சாய்ந்திருந்தால் கீழே பட்டி மிச்சமிருந்து அமுங்கியிருக்கிறது, அங்கே சுரண்டிவிட்டு இன்னொரு கீற்று சேர்த்தால் போதும்.